கல்யாணப் பேச்சை வேலைப் பட்டியலாக மாற்றுவது எப்படி: குரூப் காலில் குறிப்பெடுப்பவருக்கு

தங்கை கல்யாணத்துக்காக ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் குரூப் கால் போட்டோம். மதுரையில் அப்பா, அம்மா, பெரியப்பா. கோவையில் சித்தப்பா, திருச்சியில் அத்தை, சென்னையில் மாமா, சிங்கப்பூரில் அண்ணன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். போனை வைக்கும்போது எல்லாம் முடிவாகிவிட்டது போலத்தான் எல்லோருக்கும் இருந்தது. மறுநாள் காலை காபி குடிக்கும்போது அம்மா கேட்டார்: "மண்டபத்துக்கு யாருடா போறது?" பெரியப்பா போவார் என்று அப்பா நினைத்திருந்தார். அப்பா போவார் என்று பெரியப்பா நினைத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் இதுவரை நான்கு கல்யாணங்களுக்கு இந்தக் குறிப்பெழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. முதல் முறையாக இதைக் கையில் எடுப்பவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். தை மாதம் நடந்த தங்கை கல்யாணத்துக்காகப் போட்ட அந்த முதல் குரூப் கால் பேச்சையே வைத்துச் சொல்கிறேன்.

கால் தொடங்கும் முன்பு

ஒரு நோட்டு, ஒரு பேனா, பக்கத்தில் தினசரி காலண்டர். இவை போதும். போனில் பேசிக்கொண்டே அதே போனில் தட்டச்சு செய்யப் பார்க்காதீர்கள். பாதிப் பேச்சு காதிலேயே விழாது. பேச்சைப் பதிவு செய்ய நினைத்தால் தொடங்கும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பணமும் நகையும் பேசுகிற இடம் அது. ஆனால் எனக்குப் பதிவு பெரிதாக உதவியதில்லை. ஒரு மணி நேரப் பேச்சை மறுபடி கேட்க இன்னொரு ஒரு மணி நேரம் வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து பேசிய இடங்கள் அப்போதும் புரியாது.

தாளின் இடது ஓரத்தில் நேரம், பிறகு பேசியவர், பிறகு அவர் சொன்ன வாக்கியம். சொன்னபடியே எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். "குடுத்துரலாம்" என்று சொன்னால் "குடுத்துரலாம்" என்றே இருக்கட்டும். "கொடுப்பதாக முடிவு" என்று கேட்கும்போதே நீங்கள் மாற்றிவிட்டால், முடிவு எடுத்தவர் நீங்கள் என்றாகிவிடும்.

நேரம் எதற்கு என்றால், நடுவில் இறங்கிப் போகிறவர்களுக்காக. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அன்று அண்ணன் நம்ம ஊர் 9.15-க்கு, அவனுக்கு நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், தூக்கம் வருகிறது என்று இறங்கிவிட்டான். வரவேற்பை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையே வைப்பது என்று முடிவானது 9.25-க்கு. அவனோ கல்யாணத்தன்று மாலை வரவேற்பு என்ற நினைப்பில், முந்தின நாள் இரவு வந்து இறங்குவது போல விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். என் தாளில் "9.15 அண்ணன் இறங்கினான்" என்ற வரி இருந்ததால்தான் மறுநாள் அவனை அழைத்துத் தனியாகச் சொல்லத் தோன்றியது.

'லாம்' என்று முடியும் வாக்கியங்கள்

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான். "மண்டபத்தைப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துரலாம்" என்றார் பெரியப்பா. "ஆமா, குடுத்துரலாம்" என்றார் அப்பா. கேட்க முடிவு போலவே இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. தமிழில் 'லாம்' போட்டுச் சொன்னால் யார் செய்வது என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். 'ணும்' போட்டாலும் அப்படித்தான். "பத்திரிகை அடிக்கணும்", "பூக்காரர்ட்ட சொல்லணும்" எல்லாம் இந்த வகை. குடும்பத்துக்குள் இன்னாரே செய்யட்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தயங்குவோம், அதனால் ஒரு கல்யாணப் பேச்சில் பாதிக்கு மேல் இப்படித்தான் போகும்.

அதனால் 'லாம்', 'ணும்' என்று முடிகிற ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டம் போடுவேன். வட்டம் என்றால் ஆள் இல்லை என்று பொருள். பெயர் கிடைத்ததும் அதற்குள் எழுதிவிடுவேன். அன்று மொத்தம் பதினொரு வட்டம் விழுந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது நிரம்பியவை மூன்றுதான்.

ஆள் இருக்கிற வாக்கியத்தையும் கவனமாகக் கேளுங்கள். "நான் கேட்டுச் சொல்றேன்" என்று சித்தப்பா சொன்னால், அவர் ஏற்றுக்கொண்டது கேட்டுச் சொல்வதை மட்டும். சமையல்காரரை முடிவு செய்வதை அவர் ஏற்கவில்லை. பட்டியலில் "சமையல்: சித்தப்பா" என்று எழுதினால் தப்பு. "சமையல்காரரிடம் விலை கேட்டுச் சொல்வது: சித்தப்பா" என்பதுதான் சரி. அதேபோல "அவன்ட்ட சொல்லிட்டா செஞ்சுருவான்" என்று காலில் இல்லாத ஒருவர் தலையில் வேலை விழும். அங்கே இரண்டு வேலை இருக்கிறது, அவரிடம் யார் சொல்வது என்பதுதான் முதலாவது.

"பாக்கலாம்" என்ற சொல்லைத் தனியாக வையுங்கள். இரவு வரவேற்பில் பாட்டுக் கச்சேரி வைக்கலாமா என்று மாமா கேட்டபோது அத்தை மெதுவாக "ம்... பாக்கலாம்" என்றார். அத்தையைத் தெரிந்தவர்களுக்கு அது வேண்டாம் என்பது புரியும். அப்படியும் நான் "வேண்டாம்" என்றும் எழுதவில்லை, "சரி" என்றும் எழுதவில்லை. "பாட்டுக் கச்சேரி: முடிவாகவில்லை" என்று மட்டும் போட்டேன். பெரியவர்களின் மனதைக் குறிப்பெழுதுகிறவர் விளக்கக் கூடாது. விளக்கினால் அடுத்த முறை உங்கள் முன்னால் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

தொகை காதில் விழுந்ததும்

அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் சித்தப்பா, "சமையலுக்கு முந்நூறு வச்சுக்கலாம்" என்றார். அப்பா, "முந்நூறு பத்தாதுடா, நம்ம பக்கமே அவ்வளவு வரும்" என்றார். சித்தப்பா, "இப்ப எல்லா இடத்துலயும் அதான் போகுது" என்றார். இருவரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு விஷயம் பேசினார்கள். சித்தப்பா சொன்னது இலைக்கு முந்நூறு ரூபாய். அப்பா கேட்டது முந்நூறு பேர். குறுக்கே பேசக்கூடாது என்று கவனித்துக்கொண்டிருக்கும் நீங்கள், குறுக்கே பேச வேண்டிய ஒரே இடம் இதுதான்: "சித்தப்பா, முந்நூறுங்கறது ரூபாயா, ஆளா? ஒரு இலைக்கா, மூணு வேளைக்கும் சேர்த்தா?" ஒரு கேள்வி போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எண்ணை எழுதும்போது அதன் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். எதற்கு அது, எந்தக் கணக்கில் அது (இலைக்கா, ஆளுக்கா, மொத்தமாகவா, ஒரு நாளைக்கா), எங்கிருந்து வந்தது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். "பெரியவ கல்யாணத்துல மேடை அலங்காரம் நாப்பதாயிரம்தான் ஆச்சு" என்றார் அத்தை. அந்தக் கல்யாணம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அது பழைய விலை. நான் அதை "உத்தேசம்" என்ற தலைப்பில் போட்டு, அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். நேரில் விசாரித்து வாங்கிய தொகையை "கேட்டது" என்றும், கையைவிட்டுப் போன பணத்தை "கொடுத்தது" என்றும் எழுதுவேன். உத்தேசம், கேட்டது, கொடுத்தது. இந்த மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து கூட்டினால் அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லை.

சாப்பாட்டுக் கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரியப்பா, "ஆறுநூறு பேர் வருவாங்க" என்றார். சித்தப்பாவின் முந்நூறோடு பெருக்கி 1,80,000 என்று அன்று இரவே மாமா சொல்லிவிட்டார். ஆனால் ஆள் கணக்கு வேறு, இலைக் கணக்கு வேறு. வரவேற்புக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், முகூர்த்தத்துக்கு மட்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள், இரவே தங்கி மூன்று வேளையும் சாப்பிடுகிற சொந்தங்கள் இருக்கிறார்கள். வேளை வேளையாகப் பிரித்து உட்கார்ந்து எண்ணினோம். இரவு 500 இலை, காலை டிபன் 250, மதியச் சாப்பாடு 350. ஆக 600 பேருக்கு 1,100 இலை. அடுத்த வாரம் சித்தப்பா சமையல்காரரிடம் எழுதி வாங்கிய விலையும் வேளைக்கு ஒன்றாக இருந்தது: இரவுக்கு 320, டிபனுக்கு 160, மதியத்துக்கு 280. பெருக்கினால் 1,60,000, பிறகு 40,000, பிறகு 98,000. மொத்தம் 2,98,000. மாமா சொன்னதற்கும் இதற்கும் 1,18,000 வித்தியாசம். இப்படிப் பிரித்து எழுதாமல் "சமையல் 1,80,000" என்று ஒரு வரியில் போட்டிருந்தால், கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் தெரிந்திருக்கும்.

மண்டபத்துக்கும் ஒரு எச்சரிக்கை. வாடகை 1,40,000 என்று காலில் சொன்னார்கள். முன்பு ஒரு கல்யாணத்தில் நான் வாடகையை மட்டும் எழுதி வைத்தேன். கடைசியில் மின்சாரம் யூனிட் கணக்கில், ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவு, சமையல் கேஸ் என்று தனித்தனியாக ஒரு பில் வந்தது. அப்போது அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது மண்டப வரியை எழுதியதுமே அடுத்த வரியில் "வாடகைக்கு மேல்" என்று ஒரு உத்தேசத்தைப் போட்டுவிடுகிறேன். இந்தக் கல்யாணத்துக்கு 30,000 போட்டேன். வாடகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, மண்டபம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நம் கையில் என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர் கேட்டு வர வேண்டிய கேள்விகளாக அங்கேயே எழுதிவிடுங்கள்.

நகையை ரூபாயில் எழுதாதீர்கள், பவுனில் எழுதுங்கள். பேசியது பவுன் கணக்கு, ரூபாய் தினமும் மாறும். இன்றைய விலையில் பெருக்கி எழுதிய தொகை, வாங்கப் போகிற நாளில் பொய்யாகிவிடும். பக்கத்தில் "சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. தனி" என்று ஒரு குறிப்பு போதும்.

கடைசி ஐந்து நிமிடம்

எல்லோரும் "சரி, வச்சுருவமா" என்று சொல்லத் தொடங்கும்போது நீங்கள் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். முழுக் குறிப்பையும் படிக்க வேண்டாம், வட்டங்களை மட்டும் படியுங்கள். "மண்டபத்துக்கு நேர்ல போறது யாரு?" என்று கேட்டால் யாராவது ஒருவர் வாய் திறந்துதான் ஆக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இதைச் செய்யவில்லை. பெரியப்பாவுக்கு மாத்திரை போடும் நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அதனால்தான் மறுநாள் காலை அந்தக் கேள்வி வந்தது. எட்டு வட்டங்களுக்கு எட்டு போன் பேசித்தான் பெயர் வாங்க முடிந்தது.

பெயர் கேட்ட கையோடு தேதியையும் கேளுங்கள். நம் வீடுகளில் தேதி பஞ்சாங்கத்தில் வரும். "புரட்டாசி பொறக்கறதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துரணும்" என்றார் பெரியப்பா. காலண்டரைப் பார்த்து அதை "செப்டம்பர் 16-க்குள்" என்று எழுதினேன். "தீபாவளி கழிச்சு" என்பதற்கும் அப்படியே. பெரியப்பாவுக்குப் புரட்டாசி என்றால் உடனே தெரியும், சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனுக்குச் செப்டம்பர்தான் தெரியும். அதனால் இரண்டையும் எழுதுவது நல்லது.

குரூப்பில் போடும் செய்தி

அன்றிரவே எழுதிவிடுங்கள், காலைக்குள் பாதி மறந்துவிடும். முடிவானது மேலே, வேலைகள் நடுவில், முடிவாகாதவை கீழே. போன் திரையில் இரண்டு விரல் தள்ளலுக்குள் முடிந்துவிட வேண்டும். எங்கள் செய்தி, போன் பேசிப் பெயர் வாங்கிய பிறகு, ஏறக்குறைய இப்படி இருந்தது:

> *ஞாயிறு பேசியது (1)*
>
> *முடிவானவை*
> வரவேற்பு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை. (அண்ணன் இறங்கிய பிறகு முடிவானது, திங்கள் காலை சொல்லியாச்சு.)
> பத்திரிகை 400.
>
> *வேலைகள்*
> மண்டபத்தை நேரில் பார்த்து அட்வான்ஸ் 40,000 கொடுப்பது: பெரியப்பா. அப்பா கூடப் போகிறார். செப்டம்பர் 16, புரட்டாசிக்கு முன்.
> சமையல்காரரிடம் வேளைவாரியாக விலை எழுதி வாங்குவது: சித்தப்பா. செப்டம்பர் 10.
> பத்திரிகை வாசகம்: மாமா எழுதுகிறார். பெயர்களைப் பெரியப்பா சரிபார்த்த பிறகே அச்சுக்கு. அக்டோபர் 5.
> காஞ்சிபுரத்தில் பட்டு எடுப்பது: அம்மா, அத்தை. ஜாக்கெட் தைக்க நாள் வேண்டும், அதனால் தீபாவளிக்கு முன்.
> அவரவர் பக்கத்து அழைப்புப் பட்டியல்: எல்லோரும், எனக்கு. அக்டோபர் 5.
>
> *முடிவாகாதவை*
> பாட்டுக் கச்சேரி. போட்டோக்காரர். வெளியூர்க்காரர்கள் தங்குவது.
>
> ஏதாவது தப்பாக இருந்தால் எனக்கு போன் பண்ணுங்கள்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் முதலில் வருகிறது. "பெரியப்பா, அப்பா" என்று இருவரையும் சமமாக எழுதினால் பழையபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பட்டுக்கு அம்மாவும் அத்தையும் சேர்ந்து போனாலும் தேதி குறிப்பது அம்மா என்பதால் அம்மா முதலில். எழுதும் தொனியும் முக்கியம். "பெரியப்பா போக வேண்டும்" என்று வீட்டின் மூத்தவரைப் பற்றிச் சின்னவன் எழுதினால் நன்றாக இருக்காது. "போகிறார்", "எழுதுகிறார்" என்று எழுதினால் அவர் ஏற்றுக்கொண்டதைச் சொல்வது போல இருக்கும். கடைசி வரியில் போன் பண்ணச் சொன்னதும் யோசித்துத்தான். குரூப்பில் எல்லோர் முன்னாலும் திருத்துவதற்குப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள், அல்லது திருத்தம் சண்டையாகப் போகும்.

குரூப்புக்குப் போகாதவை

தொகைகளில் அட்வான்ஸைத் தவிர மேலே எதுவும் இல்லை என்று கவனித்திருப்பீர்கள். யார் எவ்வளவு தருகிறேன் என்று சொன்னார்கள், எத்தனை பவுன், சீர் என்ன, மாப்பிள்ளை வீட்டார் கேட்டது என்ன என்பதெல்லாம் அப்பா அம்மாவின் நோட்டில் மட்டும் இருக்க வேண்டியவை. குரூப்பில் போட்டது ஒரு ஃபார்வர்டில் வெளியே போய்விடும். சித்தப்பா சாப்பாட்டுச் செலவில் பாதியை ஏற்பதாகக் காலில் சொன்னது உண்மைதான். அதை எழுத்தில் குரூப்பில் போட்டால் வேறு ஒருவருக்கு, தான் எதுவும் சொல்லவில்லையே என்று குறுகுறுக்கும். காலில் நடந்த மனத்தாங்கலும் அப்படித்தான். அது எந்தத் தாளிலும் வேண்டாம்.

பணக் கணக்கை அந்த நோட்டில் தனியாக எழுதிக்கொடுங்கள். "எட்டுக்குள்ள முடிச்சிரணும்" என்று அப்பா சொன்னதற்கு, நகையும் துணியும் நீங்கலாக 8,00,000 என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். சமையல் விலை வந்த பிறகு, கேட்டது என்ற பகுதியில் மண்டபமும் சாப்பாடும் சேர்ந்து 4,38,000. மண்டபத்துக்கு மேல்செலவு, அலங்காரம், போட்டோ, பத்திரிகை, நாதஸ்வரம் எல்லாம் உத்தேசத்தில் 2,00,000. ஆக 6,38,000. அப்பா உடனே, "அப்ப ஒண்ணரை லட்சத்துக்கு மேல மிச்சம்" என்றார். மிச்சம் இல்லை அப்பா என்று சொல்ல வேண்டியிருந்தது. தங்கும் அறை, வேன், தாம்பூலப் பை, பாத்திர வாடகை எதையும் அன்று யாரும் பேசவே இல்லை. அவற்றைத் தொகை போடாமல் வெறும் பெயராக அடியில் எழுதி வைத்தேன், அடுத்த காலில் முதலில் பேசுவதற்காக. அதோடு யாரும் எந்தக் கல்யாணப் பேச்சிலும் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பத்திரிகையை மடிப்புக் கலையாமல் எடுத்து வைப்பது என் வேலை என்று என் பெயரையே எழுதிக்கொண்டேன்.

திருத்தம் வரும்போது

வரும், அன்றைக்கே வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். முடிந்தாலும் திருத்தாதீர்கள், ஏற்கெனவே படித்தவர் மறுபடி படிக்கமாட்டார். "ஞாயிறு பேசியது (2)" என்று எண் போட்டு முழுதாகப் புதிதாக அனுப்புங்கள், மாறிய வரிக்கு முன்னால் "மாற்றம்" என்று எழுதுங்கள். பழையதை நீக்கிவிட்டு, புதியது குரூப்பின் மேலேயே நிற்கும்படி 'பின்' செய்யுங்கள். அந்தப் 'பின்' அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், மாதம் ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் படிக்காதவர்களுக்கு போன்தான். பெரியப்பாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. திங்கள் மாலை அழைத்து அவருடைய மூன்று வரிகளை மட்டும் படித்துச் சொன்னேன். மண்டப வரியைக் கேட்டதும், "பதினாறாம் தேதி வேணாம்டா, அன்னிக்கு கரிநாளான்னு பாரு" என்றார். காலண்டரைத் திருப்பிக்கொண்டே, 14 என்றால் சரியா பெரியப்பா என்று கேட்டேன். சரி என்றார். "மாற்றம்: மண்டப அட்வான்ஸ், செப்டம்பர் 14" என்று இரண்டாவது செய்தி அன்றிரவு ஒன்பது மணிக்குப் போனது.